கைமாறும் பொருள்

சென்ற ஆண்டு திண்டுக்கல்லில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பதினொரு நிமிடக் குறும்படம் ஒன்றைத் திரையிட்டோம். நண்பர்களும் மாணவர்களும் சேர்ந்து எடுத்த படம். வசனம் எழுதியதும், படப்பிடிப்பில் குறிப்பேட்டைக் கையில் வைத்திருந்ததும் நாமே. படம் முடிந்ததும் வழக்கமான பாராட்டுகள் வந்தன. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "எல்லாம் சரிங்க. அந்த வாத்தியார் ஏன் புத்தகத்தை இடது கையால வாங்குறாரு? அவனை மன்னிக்கலேன்னு காட்டுறீங்களா?"

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். ஓர் இளைஞர் அந்த இடக்கையில் சாதி இருக்கிறது என்றார். இன்னொருவர், இல்லை, அது ஆசிரியரின் செருக்கு என்றார். அரைமணி நேரம் நல்ல விவாதம் நடந்தது. எங்களுக்கோ வியர்த்தது. ஏனெனில் ஆசிரியர் இடக்கையால் வாங்குவதாக நாங்கள் எழுதவே இல்லை. நடிகரும் அப்படி நடிக்க எண்ணியதில்லை. எங்கள் கதையின் பொருள் அதற்கு நேர் எதிரானது. அந்த ஆசிரியர் முழுமனத்தோடு மன்னித்துவிட்டவர்.

தம்ளர், புத்தகம் போன்ற சிறுபொருள்கள் திரையில் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும்போதும், சட்டகத்துக்குள் வரும்போதும், வெளியேறும்போதும் நிலைமாறாமல் இருக்க வேண்டும் என்பதை நாம் ஏதோ உதவி இயக்குநரின் குமாஸ்தா வேலை என்று நினைத்திருந்தோம். திரைப்படத்தாரின் பேச்சில் அதற்கு 'கன்டினியூட்டி' என்று பெயர். தமிழ்ப்பட உலகில் அதை எழுதிவைப்பது பெரும்பாலும் உதவி இயக்குநர்களில் இளையவரின் பொறுப்பு. அந்த மாலைக்குப் பிறகு நம் எண்ணம் மாறிவிட்டது. பார்வையாளர் பிழையைப் பிழையாகக் காண்பதில்லை. அவர் அதை வாசித்துவிடுகிறார். பொருள் கைமாறும் இடத்தில் தவறு நேர்ந்தால் கதையின் பொருளே மாறிவிடுகிறது.

*

என்ன நடந்தது என்பதை முதலில் விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

காட்சி எளிமையானது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய அலமாரியிலிருந்து சொல்லாமல் எடுத்துப்போன புத்தகம் ஒன்றைத் திருப்பித்தர பழைய மாணவன் வருகிறான். ஆசிரியரின் மனைவி எவர்சில்வர் தம்ளரில் தேநீர் கொண்டுவந்து கணவரிடம் தருகிறார். மாணவன் இரண்டு கைகளாலும் புத்தகத்தை நீட்டுகிறான். ஆசிரியர் வலக்கையில் உள்ள தம்ளரை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் புத்தகத்தை வாங்குகிறார். திறந்து பார்க்கவில்லை. அப்படியே மனைவியிடம் கொடுக்கிறார். அவர் அதை உள்ளே கொண்டுபோகிறார். ஆசிரியர் மாணவனைப் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்கிறார். அவ்வளவுதான்.

சின்னாளபட்டியில் ஒரு ஓட்டுவீட்டில் இரண்டு நாள் எடுத்தோம். முதல்நாள் மாலை, மூவரும் தெரியும்படி தூரக்காட்சி. மறுநாள் காலை, கைகளையும் முகங்களையும் காட்டும் அண்மைக்காட்சிகள். முதல்நாள் எல்லாம் எழுதியபடியே நடந்தது. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். "புத்தகம் கைக்கு வர்ற இடத்துலேர்ந்து ஆரம்பிப்போம்" என்று இயக்குநர் சொன்னார். நடிகர் அதற்கு முன் நடக்கும் செயலை, அதாவது தம்ளரைக் கைமாற்றுவதை, நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே தம்ளர் வலக்கையிலேயே இருந்தது. புத்தகம் வந்தபோது காலியாக இருந்த கை இடக்கை. அவர் அதனால் வாங்கினார். கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒளிப்பதிவாளருக்கு அது அழகான அண்மைக்காட்சி. குறிப்பேட்டில் நாம் எழுதியிருந்தது: "புத்தகம் வாங்குகிறார். சரி."

படத்தொகுப்பில் வரிசை இப்படி அமைந்தது. தூரக்காட்சி: தம்ளர் வலக்கையில், மாணவன் புத்தகத்தை நீட்டுகிறான். அண்மைக்காட்சி: இடக்கை புத்தகத்தைப் பற்றுகிறது. மீண்டும் தூரக்காட்சி: புத்தகம் வலக்கையில், தம்ளர் இடக்கையில். நான்கு விநாடிக்குள் இரண்டு பொருள்களும் மாயமாக இடம் மாறியிருக்கின்றன. ஆனால் மாடியில் இருந்த ஒருவரும் அந்த மாயத்தைக் கவனிக்கவில்லை. அவர்கள் கவனித்தது ஒன்றே: குரு இடக்கையால் வாங்கினார்.

நம்மூரில் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். பெரியவரிடமிருந்து வாங்கினால் இரு கைகளாலும், அல்லது வலக்கை முழங்கையை இடக்கையால் தாங்கியபடி. இதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மேலைநாட்டுப் பார்வையாளருக்கு வெறும் தொடர்ச்சிப் பிழையாக இருந்திருக்கக்கூடிய ஒன்று, இங்கே ஒரு மனிதரின் குணமாகிவிட்டது.

*

இங்கே ஒரு மறுப்பு எழலாம். படத்தொகுப்புக் கலையைப் பற்றி எழுதியவர்களில் வால்டர் மர்ச் முதன்மையானவர். ஒரு வெட்டு நல்ல வெட்டா என்று தீர்மானிக்க அவர் ஆறு அளவுகோல்களைச் சொல்லி, பாதி விளையாட்டாக மதிப்பெண்ணும் போட்டார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையாளரின் கண் போகும் தடத்துக்கு 7, திரைத்தளத்தின் ஒழுங்குக்கு 5, வெளியில் பொருள்களும் மனிதர்களும் இருக்கும் இடத்தின் தொடர்ச்சிக்கு 4. தொடர்ச்சிக்குக் கடைசி இடம்தான். உணர்ச்சி சரியாக இருந்தால் தம்ளர் எந்தக் கையில் இருந்தால் என்ன என்று கேட்கும் நண்பர்கள் இந்தப் பட்டியலைத்தான் நீட்டுவார்கள்.

அவர்களுக்கு ஆதரவாக உளவியல் ஆய்வும் உண்டு. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்னும் இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு பெண்கள் மேசையருகே பேசிக்கொண்டிருக்கும் சிறு படம் ஒன்றை எடுத்து, வெட்டுக்கு வெட்டு வேண்டுமென்றே எதையாவது மாற்றினார்கள். கழுத்துத்துணி மறைந்து திரும்ப வரும். தட்டுகளின் நிறம் மாறும். இப்படி ஒன்பது மாற்றங்கள். முன்னெச்சரிக்கை இல்லாமல் பார்த்த பத்துப் பேரில் ஒருவர் மட்டுமே எதையோ கவனித்ததாகச் சொன்னார்.

இரண்டையும் நாம் ஏற்கிறோம். ஆனால் அவற்றிலிருந்து வரும் முடிவு நண்பர்கள் சொல்வது அன்று. மேசைமேல் சும்மா கிடக்கும் தட்டைக் கண் பார்ப்பதில்லை. உண்மை. கைமாறும் தட்டைக் கண் பார்த்தே தீரும். அசைவுள்ள இடத்துக்குப் பார்வை போகும். ஒருவர் கை நீள, மற்றொருவர் கை எதிர்கொள்ளும் இடத்தில் அசைவு மட்டுமல்ல, இரு மனிதரின் உறவும் இருக்கிறது. அந்தக் கணத்தில் தம்ளர் மர்ச்சின் பட்டியலில் நான்கு மதிப்பெண் பெற்ற கடைசி வரியில் இல்லை. கண்ணின் தடத்துக்கும் கதைக்கும் ஏறிவிடுகிறது. எங்கள் படத்தில் உணர்ச்சிக்கே ஏறிவிட்டது.

ஆகவே பிழைகளில் இரண்டு வகை உண்டு என்று பிரித்துக்கொள்வது பயன்தரும். 1990இல் வந்த 'பிரெட்டி வுமன்' படத்தில் காலையுணவுக் காட்சியில் நாயகியின் கையில் இருக்கும் பிறைவடிவ ரொட்டி அடுத்த வெட்டில் அப்பமாக மாறிவிடும். 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் விருந்துக் காட்சியொன்றில் இக்காலத்துக் காகிதக் காப்பிக் கோப்பை ஒன்று மேசைமேல் தங்கிவிட்டது. உலகமே சிரித்தது, தயாரிப்பாளர்கள் சில நாளில் அதை அழித்தார்கள். இவை சிரிப்புக்குரிய பிழைகள். கதைக்கு ஊறு இல்லை. இரண்டாம் வகை, யாரும் சிரிக்காத பிழை. அது பொருளுள்ளதுபோல் தோன்றும். பார்வையாளர் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பெரியவர் கேட்டிராவிட்டால் எங்கள் பிழை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அஞ்ச வேண்டியது இந்த வகைக்குத்தான்.

*

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு சாவியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946) படத்தைக் கைமாறும் பொருளுக்கான பாடநூலாகவே வைக்கலாம். நாயகி தன் கணவனின் கொத்திலிருந்து மதுக்கிடங்கின் சாவியை எடுக்கிறாள். அந்நேரம் பார்த்து கணவன் வந்து அவள் இரு கைகளையும் பற்றிக்கொள்கிறான். ஒரு கையில் சாவி. ஒரு கையைப் பிரித்து முத்தமிடுகிறான், அது வெறுங்கை. மறுகைக்கு வருமுன் அவள் அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் முதுகுக்குப் பின்னால் சாவியைத் தரையில் நழுவவிட்டு, காலால் ஒதுக்கி மறைக்கிறாள். பிறகு விருந்தில், மாடி உயரத்திலிருந்து இறங்கிவரும் கேமரா அவள் கைக்குள் இருக்கும் அந்தச் சாவியில் போய் நிற்கிறது.

இந்தக் காட்சியில் எந்தக் கை என்பது ஒரு வெட்டில் பிசகினாலும் கதையே இல்லை. ஹிட்ச்காக் செய்திருப்பதைக் கவனித்தால் ஒன்று விளங்கும். சாவி எங்கே இருக்கிறது என்பது கணவனுக்குத் தெரியாது, நாயகிக்குத் தெரியும், நமக்கும் ஒவ்வொரு கணமும் தெரியும். பின்னால் கணவன் உண்மையைக் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான். கொத்தில் சாவி இல்லை, மறுநாள் இருக்கிறது. படத்தின் வில்லன் செய்யும் வேலை அச்சாகத் தொடர்ச்சிக் குறிப்பாளரின் வேலை!

நம் இலக்கியத்தில் இதற்கு இணை தேடி வெகுதூரம் போக வேண்டாம். சிலம்பு கண்ணகியின் காலிலிருந்து கோவலன் கைக்கும், பொற்கொல்லன் கண்ணுக்கும், அரசவைக்கும் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அரசியின் சிலம்பும் அதுவும் ஒன்றுபோல. உள்ளே இருக்கும் பரல் மட்டுமே வேறு, ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். எந்தச் சிலம்பு எவர் கையில் என்பது வாசகனுக்கு ஓரிடத்திலும் குழம்பாததால்தான் அது உடையும் கணத்துக்கு அத்தனை வலிமை. எழுத்தில் இதைச் சாதிக்க ஒரு வரி போதும். மேடையிலும் அவ்வளவு சிக்கலில்லை. காலம் அறுபடாமல் ஓடுவதால் கையில் உள்ள பொருள் கையிலேயே இருக்கும். திரைப்படம்தான் காலத்தைத் துண்டாக்கி, மாலைக் கையையும் மறுநாள் காலைக் கையையும் ஒட்டுகிறது. ஆகவே மேடையில் தானாக நிகழ்வதைத் திரையில் திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

*

எங்கள் படத்தின் அந்தக் காட்சியை மறுபடி எடுத்தோம். முதல்முறை செய்யாதவற்றை இம்முறை செய்தோம்.

முதலில், படப்பிடிப்புக்கு முந்தைய இரவு, பொருள்களுக்கென்று தனியாக ஒரு கதை எழுதினோம். அதில் மனிதர்களின் பெயர் எழுவாயாக வரக்கூடாது என்பது விதி. தம்ளர்தான் எழுவாய், புத்தகம்தான் எழுவாய். இப்படி:

"தம்ளர் அம்மாவின் வலக்கையில் வாசல் வழியாக வருகிறது. முக்கால் நிறைந்திருக்கிறது. 'சூடா இருக்கு' என்ற சொல்லில் ஆசிரியரின் வலக்கைக்குப் போகிறது. விளிம்பில் பிடிக்கப்படுகிறது. மாணவன் 'ஐயா' என்றதும் ஆசிரியரின் இடக்கைக்கு மாறுகிறது. காட்சி முடியும்வரை அங்கேயே. யாரும் குடிப்பதில்லை."

"புத்தகம் மாணவனின் துணிப்பையிலிருந்து வலக்கையால் வெளிவருகிறது. இரு கைகளில் நீட்டப்படுகிறது. பெயர்ச்சீட்டு மேற்புறம், எழுத்துகள் ஆசிரியரை நோக்கி. 'இது உங்களுது' என்பதன் கடைசி அசையில் ஆசிரியரின் வலக்கைக்குப் போகிறது."

இப்படி எழுதியதும் இரண்டு நன்மைகள் தெரிந்தன. ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு சொல்லோடு பிணைந்துவிட்டது. நடிகர் எத்தனை முறை நடித்தாலும், எந்தக் கோணத்தில் எடுத்தாலும், அந்தச் சொல்லில்தான் பொருள் கைமாறும். எனவே எந்த இரண்டு துண்டையும் ஒட்டலாம். மற்றொன்று, தேவையற்ற மாற்றங்கள் கண்ணில் பட்டன. முதல்முறை ஆசிரியர் இடையிடையே தேநீரை உறிஞ்சினார். அதனால் தம்ளரின் அளவு ஒவ்வொரு முறையும் வேறு. குடிப்பதையே நீக்கிவிட்டோம். குடிக்காமல் ஆறவிடுவது கதைக்கும் பொருந்தியது. புத்தகத்தில் அடையாளத்துக்கு ஒரு பழைய பேருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகியிருந்தோம். அழகாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு நீளத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டோம். மாறக்கூடியது எதுவோ அதைக் குறைப்பது, மாறாமல் காப்பதைவிட எளிது.

அடுத்து, கைமாற்றத்தை முழுச்செயலாக எடுத்தோம். நம் முதல் தவறே அதை நடுவிலிருந்து தொடங்கியது. அண்மைக்காட்சியில் புத்தகம் கைக்கு வரும் கணம் மட்டுமே தேவை என்றாலும், தம்ளர் வலக்கையில் இருப்பதிலிருந்து தொடங்கி, புத்தகம் மனைவியிடம் போய்ச் சேர்வதுவரை நடிக்கச் சொன்னோம். உடலுக்கு நினைவு உண்டு. முன் செயலைச் செய்தால் பின் செயல் தானாகச் சரியாக வரும். நடிகரிடம் "வலக்கையால் வாங்குங்கள்" என்று ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கைமாற்றத்துக்கு மூன்று நிலைகள் உண்டு: பொருள் தருபவர் கையில் மட்டும் இருப்பது, இருவர் கையிலும் இருப்பது, பெறுபவர் கையில் மட்டும் இருப்பது. நடுநிலை இயல்பாக அரை விநாடிகூட நீடிப்பதில்லை. விநாடிக்கு 24 சட்டகம் என்றால் பத்துப் பன்னிரண்டு சட்டகங்கள்தான். வெட்ட வேண்டிய இடம் இதுதான். பொருள் நகர்ந்துகொண்டிருக்கையில் வெட்டினால் கண் அசைவைப் பின்தொடர்ந்து மறு துண்டுக்குள் போய்விடும், வெட்டு தெரியாது. பொருள் போய்ச்சேர்ந்து அசைவற்று நின்றபின் வெட்டினால் கண் ஓய்வாக இருக்கும், வேறுபாடு எல்லாம் தெரியும். ஆகவே தருபவரிடம், "பெறுபவரின் பிடி இறுகியது உங்கள் விரலுக்குத் தெரிந்தபின் விடுங்கள்" என்று மட்டும் சொன்னோம். நடுநிலை சற்றே நீண்டது. தொகுப்பாளருக்கு இடம் கிடைத்தது. காட்சிக்கும் ஒரு தயக்கம் கிடைத்தது. கொடுக்கிறவனுக்கு விட மனமில்லை என்பதுபோல.

எடையும் முக்கியம். முதல்முறை அண்மைக்காட்சியில் வெறும் தம்ளர்தான் இருந்தது. எவர்சில்வர் ஆதலால் உள்ளே இருப்பது தெரியாது என்று நினைத்தோம். தெரிகிறது. நிறைந்த தம்ளரை வாங்கும் மணிக்கட்டு எடைக்குச் சற்று இறங்கி நிமிரும், வெறும் தம்ளர் சட்டென்று மேலே போகும். சூடான தம்ளரை விளிம்பில் பிடிப்பார்கள், ஆறியபின் வயிற்றைப் பிடிப்பார்கள். தம்ளர் மாறாவிட்டாலும் பிடி மாறினால் நேரம் மாறிவிட்டதாகக் கண் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு கரண்டியில் கோடு போட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் அதே அளவு ஊற்றினோம். கண்ணாடித் தம்ளராக இருந்தால் இன்னும் கடினம். அளவும் நிறமும், மேலே படியும் ஆடையும் கேமராவுக்குத் தெரியும்.

மூன்றாவது, சட்டகத்தின் எல்லை. மனைவி புத்தகத்தோடு வலப்பக்கமாக வெளியேறினால், உள்ளறைக் காட்சியில் இடப்பக்கமாக நுழைய வேண்டும். இல்லையேல் அவர் திரும்பி வருவதாகத் தோன்றும். இது பலருக்குத் தெரிந்த விதி. தெரியாதது சட்டகத்தின் கீழ்விளிம்பு. முகத்தைக் காட்டும் காட்சியில் தம்ளர் கீழே இறங்கி மறைந்து, கை மட்டும் வெறுமையாகத் திரும்பினால், தம்ளர் திண்ணையில் வைக்கப்பட்டுவிட்டது என்று பார்வையாளர் முடிவுசெய்துவிடுவார். அடுத்த தூரக்காட்சியில் அது கையில் இருக்கக்கூடாது. சட்டகத்துக்கு வெளியே நடப்பதும் நடந்ததாகவே கணக்கு. இதில் ஓசை உதவும். திண்ணையில் தம்ளர் வைக்கும் 'டக்' என்ற ஓசையைத் தனியாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டால், காணாமற்போன தம்ளருக்கு ஓர் இடம் கொடுத்துவிடலாம்.

நான்காவது, ஒளிப்படம். ஒவ்வொரு முறையும் "கட்" என்றதும் யாரும் அசையக்கூடாது. கேமரா இருக்கும் இடத்திலிருந்தே கைபேசியில் ஒரு படம். தொடங்கும் முன்னும் ஒன்று. முன்பு நாம் நின்ற இடத்திலிருந்து எடுத்தோம். அது நம் கண்ணுக்குத் தெரிந்தது, கேமராவுக்குத் தெரிந்தது அன்று. படத்தில் எத்தனையாவது முறை என்று எழுதிய சீட்டும் இருக்க வேண்டும். எந்த முறை தொகுப்புக்குப் போகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

*

மறுபடி எடுக்க முடியாதபோது என்ன செய்வது? நாங்களும் முதலில் அதைத்தான் முயன்றோம். இடக்கைக் காட்சியை இடவலமாகத் திருப்பிப்போட்டால் வலக்கையாகிவிடுமே என்று ஒரு மாணவர் சொன்னார். போட்டுப் பார்த்தோம். கை வலக்கையாயிற்று. ஆனால் பெயர்ச்சீட்டின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாயின. ஆசிரியரின் சட்டைப்பை வலப்பக்கம் போயிற்று. ஓரத்தில் தெரிந்த மனைவியின் சுங்குடிச் சேலை முந்தானை வலத்தோளுக்கு மாறியது. ஒரு பிழைக்கு மூன்று பிழை.

மற்றொரு வழி, கைகளைக் காட்டாமல் அந்நேரம் மாணவனின் முகத்தைக் காட்டுவது. இது நல்ல வழிதான். முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கைகள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். திரும்பிவரும்போது பொருள் இருக்கும் இடத்தைக் கண் ஏற்றுக்கொள்ளும். அதற்காகவே ஒவ்வொரு காட்சியிலும் கேட்பவரின் முகத்தை அரை நிமிடமாவது தனியாக எடுத்துவைப்பது விவேகம். ஆனால் எங்கள் கதைக்கு அது பொருந்தவில்லை. புத்தகம் கைமாறுவதைக் காட்டாவிட்டால் படமே எதற்கு?

பிழையைக் கண்டுபிடிக்க நாங்கள் கற்ற ஒரு வழியும் உண்டு. ஓசையை நிறுத்திவிட்டு, முகங்களை ஓர் அட்டையால் மறைத்து, கைகளை மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு படத்தைப் பின்னோக்கி ஓடவிட வேண்டும். முன்னோக்கி ஓடும்போது கதை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது, பின்னோக்கி ஓடும்போது கதை இல்லை, பொருள்கள் மட்டுமே இருக்கின்றன. எங்கள் பழைய பதிப்பை இப்படி ஓடவிட்டபோது, தம்ளரும் புத்தகமும் இடம்மாறித் துள்ளியதை அங்கே இருந்த பள்ளிச் சிறுவன்கூடச் சுட்டிக்காட்டினான்.

*

எல்லாவற்றையும் இப்படிக் காக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது இயலாது, தேவையும் இல்லை. திண்ணை ஓரத்தில் கிடந்த செருப்பு எங்கள் புதிய பதிப்பிலும் இரண்டுமுறை இடம் மாறியிருக்கிறது. யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். நல்ல நடிப்பு வந்த முறையில் தம்ளரின் அளவு விரற்கடை குறைந்திருந்தால் நல்ல நடிப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வாதம் ஒன்றுதான்: கவனத்தை எங்கும் சமமாகத் தூவாதீர்கள். பொருள் சும்மா இருக்கும்போது விட்டுவிடுங்கள். அது உள்ளே வரும்போதும், வெளியே போகும்போதும், கைமாறும்போதும் அதை விடாதீர்கள். அங்கேதான் பார்வையாளர் வாசிக்கிறார்.

இலக்கியம் பயின்றவர்களுக்கு இந்த வேலை அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டு, எந்தப் பாடம் எந்த ஏட்டில், எது எழுதியவன் கருத்து, எது ஏடெழுதியவன் கைப்பிழை என்று பிரித்தறிவதைப் பதிப்பு என்கிறோம். கைப்பிழைக்கு உரை எழுதிய உரையாசிரியர்களும் நம்மிடம் உண்டு. அந்த மாடியில் அரைமணி நேரம் நடந்தது அதுவே. அவர்கள் எழுதிய உரை நன்றாகவே இருந்தது. பாடம்தான் பிழை.

புதிய பதிப்பை அதே மாடியில் மீண்டும் திரையிட்டோம். அந்தப் பெரியவரும் வந்திருந்தார். படம் முடிந்தபின் அவரிடம் போய் நின்றோம். "இப்ப வலது கையால வாங்கிட்டாருல்ல, பேச என்ன இருக்கு?" என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, "தேத்தண்ணி ஆறிப்போச்சே, அதைக் குடிக்காமலே விட்டுட்டாரே, பாவம்" என்றார்.

அது நாங்கள் எழுதியது.